விரலுக்கு ஒரு மாற்று வேலை

கொல்லிமலையில் நான் ஆசிரியனாக இருந்தபோது, கணக்குப் பாடம் தொடங்கியதும் நகம் கடிக்கும் சிறுவன் ஒருவன் இருந்தான். விரல் நுனியில் இரத்தம் கசியும். வேப்பெண்ணெய் தடவினேன், அதட்டினேன், பயனில்லை. அதட்டல் அச்சத்தை வளர்த்தது. அச்சமோ நகத்தைக் கடிக்க வைத்தது.

1973ஆம் ஆண்டில் அஸ்ரின், நன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் வேறு வழி காட்டினர். பழக்கத்தை அடக்காமல், அதன் இடத்தில் மற்றொரு செயலை அமர்த்துவதே அவ்வழி. அதன்படி, கை வாயை நாடும் வேளைகளை ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். விடை தெரியாத கணக்கின் முன்னேதான் கை எழுகிறது என்று அவனே கண்டான். பின்னர், கை எழும்போதே விரல்களை மடக்கி ஒரு நிமிடம் மெல்லப் பிடித்திருக்கப் பழக்கினேன். உந்துதல் அலைபோல எழுந்து தானே தணியும். இடையிடையே தவறினான், தவறிய நாளிலும் குறிப்பை விடவில்லை. சில வாரங்களில் நகத்தின் வெண்ணுனி தெரிந்தது.

மயிரை முறுக்கிய சிறுமி ஒருத்திக்குப் பலாக்கொட்டை ஒன்றைக் கையில் உருட்டக் கொடுத்தேன். தோலைக் கிள்ளுவோர் விரல் நுனிகளை ஒன்றோடொன்று மெல்ல உரசலாம். ஆயினும், புண் ஆறாவிட்டாலும், மயிர் உதிர்ந்து திட்டுத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்வதே முறை.