95 சென்டிமீட்டர்: பிழையா, பெருமழையா?

தூத்துக்குடி மாவட்டத்தின் தினசரி மழை அளவுகள் அடங்கிய கோப்பை நீட்டி, "இந்தத் தரவைச் சுத்தம் செய்து கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், கண்ணில் முதலில் உறுத்துவது காயல்பட்டினத்தின் வரிசைதான். 2023 டிசம்பர் 18: 95 செ.மீ. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிக மழை ஒரே நாளில். தட்டச்சுப் பிழை என்று நீக்கிவிடலாமா?

வழக்கமான புள்ளியியல் சோதனை 'நீக்கு' என்றுதான் சொல்லும். எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, நடுப்பாதி எவ்வளவு அகலம் பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அப்பால் விலகி நிற்பது 'புறவிலகல்'. ஆனால் தூத்துக்குடியில் ஆண்டின் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட நாட்களில் மழையே கிடையாது. நடுப்பாதி முழுக்கப் பூஜ்யம். அதன் அகலமும் பூஜ்யம். அந்தக் கணக்கில் சாதாரணத் தூறல்கூடப் புறவிலகல் ஆகிவிடும். சோதனையை நம்பி நீக்கினால், மழைத் தரவில் மழையே மிஞ்சாது.

எனவே அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதே நாளில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தாமிரபரணியில் வெள்ளம், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கித் தவித்தார்கள். 95 என்பது அரிய எண், ஆனால் உண்மை எண். சுற்றிலும் வறண்டிருக்க ஓர் ஊரில் மட்டும் 24 செ.மீ. என்றிருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும், 2.4-இல் புள்ளி விடுபட்டிருக்கலாம். மூலப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

-999 போன்ற எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது; 'அளவு இல்லை' என்பதற்கான குறியீடு அது. ஆபத்தான பிழை பார்வைக்குச் சாதுவாக இருக்கும். சனி, ஞாயிறு அளவெடுக்க ஆளில்லை. இரண்டு நாளும் 0 என்று எழுதப்படுகிறது. மானியில் தேங்கிய நீர் மொத்தமும் திங்களன்று 11 செ.மீ. எனப் பதிவாகிறது. இங்கே பெரிய எண்ணைவிட அந்த இரண்டு பூஜ்யங்களே பெரிய பொய். மாத மொத்தம் சரியாக வரும். 'ஒரே நாளில் கனமழை' என்ற கணக்கு தவறாகும். ஒரு நிலையத்தில் வார இறுதிப் பூஜ்யங்களும் திங்கட்கிழமைப் பெருமழையும் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் வானமல்ல, பணிநேரம்.

ஆகவே சுத்தம் செய்பவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: தரவு எதற்கு? வடிகாலும் பாலமும் வடிவமைக்க என்றால் 95 செ.மீ.தான் மிக முக்கியமான எண். வழக்கமான டிசம்பர் எப்படியிருக்கும் என்று சொல்ல மட்டும் என்றால், அதை நீக்காமலே, பல ஆண்டுகளின் டிசம்பர் மொத்தங்களை எடுத்து, சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைப் பயன்படுத்தலாம். எதற்கானாலும் மூல எண்களில் கைவைக்காமல், பக்கத்திலேயே தனிப் பத்தி போட்டு 'சரிபார்த்தது', 'சந்தேகம்', 'அளவு இல்லை' என்று காரணத்தோடு குறிப்பதே முறை. உறுதி செய்ய முடியாதது சந்தேகமாகவே இருக்கட்டும். அடுத்து வருபவரிடம் அதைத் தீர்க்கும் பதிவேடு இருக்கலாம்.