மூட்டு ஏறிவிட்டது, கை ஏன் ஏறவில்லை?

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார். விழுகிற வேகத்தில் வலக்கையை நீட்டி ஊன்றியதில் தோள்மூட்டு இறங்கிவிடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் மூட்டை ஏற்றி, கையைத் தூளியில் போட்டு அனுப்புகிறார்கள். பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்துவிடுகிறது. சட்டை போடலாமென்று கையைத் தூக்கினால் தோள் மட்டும் காதுப் பக்கமாக ஏறுகிறது, கை தொங்கியபடியே இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எலும்பு மருத்துவர்களுக்கு இது பழகிய புதிர். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்: வலி கையைத் தூக்க விடாமல் தடுக்கிறது, அல்லது நரம்பு அடிபட்டிருக்கிறது, அல்லது தசைநாண் கிழிந்திருக்கிறது. தூக்க முடியாத கை பார்வைக்கு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. பெரும்பாலான நரம்புக் காயங்களில் பொறுத்திருக்கலாம், கிழிந்த தசைநாணில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். அதனால் எது என்று சீக்கிரம் பிரித்தறிய வேண்டும். கருவிகள் வருவதற்கு முன்பே, மருத்துவரின் இரண்டு கைகளால் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

தோளின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது புரியும். மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது பொருந்தும் தோள்பட்டை எலும்பின் குழியோ சிறியது, ஆழமும் இல்லாதது. ஒரு ஆரஞ்சுப் பழத்தைச் சின்ன மூடியின் மேல் நிறுத்தியது போன்ற ஏற்பாடு இது. எந்த நேரத்திலும் உருண்டையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகைச் சொறியவும் பரணில் பாத்திரம் வைக்கவும் பந்து வீசவும் இந்தத் தளர்வு தேவை. உடம்பின் பெரிய மூட்டுகளில் அடிக்கடி இறங்குவது தோள்தான் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

உருண்டையைக் குழியில் பிடித்து வைக்கும் வேலையை நான்கு தசைகள் செய்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸ் மேலிருந்தும், இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும் பின்னாலிருந்தும், சப்ஸ்கேபுலாரிஸ் முன்னாலிருந்தும் வருகின்றன. நான்கின் தசைநாண்களும் ஒன்றோடொன்று கலந்து எலும்புத் தலையைச் சுற்றி ஒரு பட்டையாக ஒட்டியிருக்கின்றன. இந்தப் பட்டைக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். இதற்கு வெளியே, தோளுக்கு உருண்டை வடிவம் தரும் பெரிய தசை டெல்டாய்டு.

கையைத் தூக்கும் பலம் பெரும்பாலும் டெல்டாய்டிடம் இருக்கிறது. ஆனால் தொங்கும் கையை அது மட்டும் இழுத்தால் எலும்பு வெளிப்பக்கம் உயராமல் நேராக மேலே போய் முட்டும். அதே நொடியில் ரொட்டேட்டர் கஃப் உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்தால்தான் அந்த இழுப்பு கையை உயர்த்தும். முதல் 15 டிகிரி சுப்ராஸ்பைனேட்டஸின் வேலை, அதற்கு மேல் டெல்டாய்டு என்று மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகத் தேர்வில் எழுதி வருகிறார்கள். உண்மையில் இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து உழைக்கின்றன. 1963-ல் வான் லிங்கே, முல்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் சுப்ராஸ்பைனேட்டஸுக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். கை முழு உயரத்துக்கும் போனது, பலமும் தாக்குப்பிடிக்கும் திறனும்தான் குறைந்தன. பாடப்புத்தகத்தின் 15 டிகிரிக் கணக்கை மட்டும் நம்பிக் கிழிசலைத் தேடுகிறவர் ஏமாறுவார்.

இனி நரம்புகள். சுப்ராஸ்பைனேட்டஸும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் சுப்ராஸ்கேபுலர் நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. டெல்டாய்டும் டெரஸ் மைனரும் ஆக்ஸிலரி நரம்பை நம்பியவை. முன்பக்கத்து சப்ஸ்கேபுலாரிஸுக்குத் தனியாக இரண்டு சிறு நரம்புகள் உண்டு. இந்தப் பங்கீடுதான் நமது புதிருக்குச் சாவி.

நூறு தோள் இறங்கினால் தொண்ணூற்றைந்துக்கு மேல் முன்பக்கமாகத்தான் இறங்கும். அப்போது எலும்புத் தலை நழுவி, கோரகாய்டு என்ற எலும்பு மூக்குக்கு அடியில் போய் நிற்கும். தோளின் உருண்டை மறைந்து ஓரம் சதுரமாகத் தெரியும். ஆக்ஸிலரி நரம்பு எலும்புக் கழுத்துக்குக் கீழாகச் சுற்றிப் பின்பக்கம் போவதால், நழுவும் தலை அதை நேராக இழுத்துவிடுகிறது. எனவே மூட்டை ஏற்றுவதற்கு முன்னாலேயே மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும். மேற்கையின் வெளிப்புறத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏற்றிய பிறகும் இதையே திரும்பச் செய்து, இரண்டு முறையும் கண்டதை எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் நரம்பு விழுந்தபோது அடிபட்டதா, ஏற்றும்போது அடிபட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயும் முன்னதாகவே வேண்டும், அதுவும் இரண்டு கோணங்களில். எலும்புக் கழுத்து முறிந்திருப்பது தெரியாமல் இழுத்தால் முறிவு விலகிவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் அக்கம்பக்கத்தில் யாரையாவது வைத்துக் கையைப் பிடித்து இழுக்கும் வழக்கம் ஆபத்தாவது இதனால்தான். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் தோள் பின்பக்கமாக நழுவலாம். நேர்கோண எக்ஸ்ரேயில் அது சரியாக இருப்பது போலவே காட்டி ஏமாற்றும். அவர்களால் முழங்கையை விலாவோடு வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாது.

நம்மவருக்கு மூட்டை ஏற்றியது முரட்டு இழுப்பால் அல்ல. வலி மருந்து கொடுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மெல்ல மெல்ல வெளியே திருப்பினார்கள். தசை இறுகும்போது நிறுத்தி, தளர்ந்ததும் தொடர்ந்தார்கள். சில நிமிடங்களில் தலை தானே உள்ளே போனது. முன்கையை வெளியே திருப்பும் இந்த அசைவு, 1870-ல் தியோடர் கோச்சர் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் எழுதிய முறையிலும் ஒரு படி. பிற்காலத்தில் தைராய்டு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

இப்போது பத்தாம் நாள். மருத்துவர் முதலில் வலியைக் கழித்துப் பார்க்கிறார். தோளுக்குள் மரப்பு ஊசி போட்டால், வலியால் தடைபட்ட கை சிறிது நேரத்தில் ஏறும். நம்மவருக்கு வலி போன பிறகும் கை ஏறவில்லை. மருத்துவர் தன் கையால் தூக்கினாலோ முழுதாக ஏறுகிறது. ஆகவே இது இறுகிப்போன தோளும் அல்ல. சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கும் அந்த இறுக்கத்தில், மற்றவர் தூக்கினாலும் கை பாதியிலேயே நின்றுவிடும்.

அடுத்து ஆக்ஸிலரி நரம்பு. மேற்கையின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. இதை மட்டும் வைத்து நரம்பு நலம் என்று சொல்லிவிட முடியாது. தசைக்குப் போகும் இழைகள் செயலிழந்தும் தோலின் உணர்ச்சி மட்டும் பிழைத்திருப்பதுண்டு. அதனால் மருத்துவர் டெல்டாய்டின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு, முழங்கையை வெளிப்பக்கமும் பின்பக்கமும் தன் உள்ளங்கைக்கு எதிராகத் தள்ளச் சொல்கிறார். விரல்களுக்கு அடியில் தசை கெட்டியாகத் திரளுகிறது. டெல்டாய்டு உயிரோடு இருக்கிறது, அப்படியானால் நரம்பும் இருக்கிறது.

மிச்சம் ரொட்டேட்டர் கஃப். முழங்கையை விலாவில் ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்கிறார். இது பெரும்பாலும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸின் வேலை, பலம் மிகக் குறைவாக இருக்கிறது. பிறகு மருத்துவரே முன்கையை முழுக்க வெளியே திருப்பி, அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விடுகிறார். முன்கை தானாக உள்பக்கம் சரிகிறது. இந்தச் சரிவு ஏமாற்றுவது அரிது, தசைநாண் பெரிதாகக் கிழிந்திருப்பதற்கு வலுவான அடையாளம். சுப்ராஸ்பைனேட்டஸுக்காக, கையைத் தாங்கிப் பக்கவாட்டிலிருந்து சற்று முன்னால் தோள் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைத்து அழுத்தத்தைத் தாங்கச் சொன்னால் கை விழுந்துவிடுகிறது.

கடைசியாக முன்பக்கத் தசை. உள்ளங்கையை வயிற்றில் வைத்து, முழங்கையை முன்னால் நிறுத்தி, வயிற்றை அழுத்த வேண்டும். சப்ஸ்கேபுலாரிஸ் கிழிந்திருந்தால் முழங்கை பின்னால் போய்விடும், மணிக்கட்டு மடங்கிவிடும். வலி குறைந்தவர்களிடம் புறங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து முதுகிலிருந்து விலக்கச் சொல்லியும் பார்க்கலாம். 1991-ல் கெர்பரும் குருஷெல்லும் எழுதிய சோதனை அது. நம்மவர் வயிற்றை ஒழுங்காக அழுத்திவிட்டார்.

கணக்கு இப்போது தெளிவாகிறது. பலம் போனது சுப்ராஸ்பைனேட்டஸிலும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸிலும். இரண்டும் சுப்ராஸ்கேபுலர் நரம்பின் தசைகள் என்பதால் அந்த நரம்பின் மீதும் ஒரு சந்தேகம் எழலாம். முன்பக்க நழுவலில் அந்த நரம்பு அடிபடுவது ஆக்ஸிலரியைவிடக் குறைவு, இந்த வயதில் தசைநாண் கிழிவதோ சாதாரணம். அல்ட்ராசவுண்டும் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கிழிசலைக் காட்டின.

இருபது வயதுக் கபடி வீரருக்கு இதே தோள் இறங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அவருடைய தசைநாண் உறுதியானது. பதிலாகக் குழியின் ஓரத்தில் உள்ள குருத்தெலும்பு வளையம் பிய்ந்துபோகும். லண்டனில் பணியாற்றிய பேங்கார்ட் 1923-ல் எழுதியதால் அந்தக் காயத்துக்கு அவர் பெயர். கை உடனே ஏறும், ஆனால் தோள் மறுபடி மறுபடி இறங்கும். இளையவருக்கு மீண்டும் இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கை ஏறுகிறதா என்று இரண்டு வாரத்துக்குள் பார்த்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவது கவனிப்பு நடைமுறையில் பல நேரம் விட்டுப்போகிறது. கை ஏறாததை நரம்பு என்று வைத்துக்கொண்டு, தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சில சமயம் நரம்பும் தசைநாணும் ஒரே விழுகையில் போய்விடும். நரம்பு அடிபட்டது உறுதியானால் அதற்காகக் கிழிசலைத் தேடாமல் விடக்கூடாது. இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் மீளும். மூன்று, நான்கு வாரம் கழித்து எடுக்கும் தசை மின்சோதனை காயத்தின் ஆழத்தைச் சொல்லும். மூன்று மாதத்திலும் அசைவில்லை என்றால் நரம்பு அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிழிந்த தசைநாணோ உள்ளே சுருங்கிக்கொண்டே போகிறது, தசையில் கொழுப்பு படிகிறது. அந்தக் கொழுப்பு தைத்த பிறகும் பெரும்பாலும் போவதில்லை.

நம்மவருக்கு விழுந்த நாலாவது வாரத்தில் நுண்துளை அறுவை செய்து, தசைநாணை எலும்பில் திரும்பப் பதித்துத் தைத்தார்கள். முதல் ஆறு வாரம் தூளியில்தான் இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கையைத் தாங்கி அசைப்பார், அவராகத் தூக்கக் கூடாது. அதன்பின் மெல்லத் தானே தூக்கிப் பழக வேண்டும். ரப்பர் பட்டையை இழுத்துப் பலம் சேர்க்கும் பயிற்சி மூன்றாம் மாதம் முடிந்து தொடங்கும். தண்ணீர்க் குடம் தூக்குவதற்கு ஆறு மாதமாவது ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.