ஒரே துப்பாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் வேறு உதை

துப்பாக்கி விளையாட்டுகளில் விசையை அழுத்தியதும் திரை மேல்நோக்கி எகிறும், கைகள் தோள்பக்கம் தள்ளப்படும், பிறகு இரண்டும் பழைய இடத்துக்கு இறங்கும். இந்தப் பின்னுதைப்பை விளையாடுபவர்கள் ரீகாயில் என்பார்கள். அனிமேட்டர் ஒருமுறை செய்துவைத்த அசைவை ஒவ்வொரு குண்டுக்கும் திரும்ப ஓட்டுவது இதற்கான பழைய வழி. நொடிக்குப் பத்துக் குண்டு பாயும் துப்பாக்கியில் அந்த வழி சீக்கிரமே வெளுத்துவிடும். ஓர் அசைவு முடியும் முன்பே அடுத்தது தொடங்க வேண்டியிருப்பதால் பாதியில் வெட்டித் தாவுகிறது. எல்லா உதையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதைக் கண் உடனே பிடித்துவிடும்.

இதற்கு மாற்று, அசைவை வரையாமல் கணக்கிடுவது. குண்டு பாயும் கணத்தில் கேமராவுக்கு ஒரு வேகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைக் கற்பனையான ஒரு ஸ்பிரிங்கிடம் விட்டுவிடுவார்கள். இதற்கு இரண்டு எண்கள் போதும். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பது ஒன்று. ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பது இன்னொன்று. பைக்கின் ஷாக் அப்சார்பரில் சுருளும் எண்ணெயும் பங்கிட்டுச் செய்கிற அதே வேலைதான்.

வால்வ் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிரலைப் பின்னர் சோர்ஸ் எஸ்டிகே 2013 என்ற தொகுப்பில் எல்லோரும் படிக்கும்படி வைத்தார்கள். கேமராவின் உதறலை ஆளும் இரண்டு வரிகள் அதில் இருக்கின்றன.

```
#define PUNCH_DAMPING 9.0f
#define PUNCH_SPRING_CONSTANT 65.0f
```

65 என்பது விறைப்பு, 9 என்பது தணிப்பு. கேமராவை 1 டிகிரி உதறச் சொன்னால், நிரல் அதை 20-ஆல் பெருக்கி, நொடிக்கு 20 டிகிரி என்ற தொடக்க வேகமாகக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கேமரா சுமார் 0.15 நொடியில் 1.3 டிகிரி வரை ஏறும். ஏறக்குறைய 0.47 நொடியில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அங்கே நிற்காமல் ஏறிய உயரத்தில் எட்டில் ஒரு பங்கு கீழே அமிழ்ந்து, பிறகு அடங்கும். அந்தச் சிறிய அமிழ்வுதான் துப்பாக்கிக்கு எடை இருப்பதாக நம்மை நம்பவைக்கிறது. தணிப்பை 16-க்கு மேல் உயர்த்தினால் அமிழ்வு மறைந்துவிடும். எண்ணெயில் மிதப்பது போன்ற உயிரில்லாத இறக்கம் மட்டும் மிஞ்சும்.

தொடர்ந்து சுடும்போது இந்த முறையின் அழகு வெளிப்படுகிறது. அதே ஸ்பிரிங்கை நொடிக்குப் பத்துக் குண்டு பாயும் துப்பாக்கிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு குண்டின் உதை உச்சத்தைத் தொட 0.15 நொடி வேண்டும், அடுத்த குண்டோ 0.1 நொடியிலேயே வந்துவிடுகிறது. வேகம் மேல் வேகம் சேர்கிறது. கேமரா ஏறி, 3 டிகிரியைச் சற்றுத் தாண்டி, பிறகு 3 டிகிரியை ஒட்டி நடுங்கிக்கொண்டு நிற்கிறது. நொடிக்குப் பத்து உதை, ஒவ்வொன்றும் 20 என்றால் 200. அதை விறைப்பு 65-ஆல் வகுத்தால் 3-க்குச் சற்று மேல் வரும். துப்பாக்கி மேலே ஏறட்டும் என்று யாரும் தனியாக எழுதவில்லை. அது கணக்கிலிருந்து தானாகப் பிறந்தது.

ஆனால் ஒரே ஸ்பிரிங்கில் கேமராவும் துப்பாக்கியும் சேர்ந்து ஆடினால் திரை முழுவதும் ஒரு பலகை போலத்தான் அசையும். அதனால்தான் அடுக்குகள் வேண்டும். கேமராவுக்கு மேலே சொன்ன மெதுவான ஸ்பிரிங் இருக்கட்டும். துப்பாக்கி முனை தூக்குவதற்கு விறைப்பு 400, தணிப்பு 20 உள்ள இன்னொன்றைப் போடலாம், அது 0.06 நொடியில் உச்சம் தொடும். கைகள் பின்னால் தள்ளப்படுவதற்கு விறைப்பு 900, தணிப்பு 42 என்று மூன்றாவது ஒன்று, அதற்கு 0.04 நொடிகூட ஆகாது. இப்போது ஒரே குண்டுக்கு முதலில் கை பின்வாங்குகிறது, பிறகு முனை எழுகிறது, கடைசியில் பார்வை ஏறுகிறது. அடுத்த குண்டு வரும் கணத்தில் மூன்றும் மூன்று நிலைகளில் இருக்கும். கை திரும்பிக்கொண்டிருக்கும், பார்வை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அதே உதை வேறு மாதிரி விழுகிறது.

இங்கே ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். சம இடைவெளியில் சம அளவு உதை விழுந்தால், இந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரு நொடிக்குள் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். பத்தாவது குண்டுக்குப் பிறகு எல்லா உதையும் மறுபடியும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே உதையின் அளவிலேயே கொஞ்சம் தற்செயல் வேண்டும். மேல்நோக்கிய உதையில் பத்து சதவீதம் கூட்டிக் குறைத்தால் போதும். பக்கவாட்டிலும், துப்பாக்கி தன் அச்சில் சாய்வதிலும் தாராளமாக மாற்றலாம். கேமராவின் சாய்வை மட்டும் மிகச் சிறிதாக வைப்பது நல்லது. அது கூடினால் சிலருக்குத் தலைசுற்றும்.

எந்த அடுக்கில் தற்செயலைச் சேர்ப்பது என்பது நியாயம் சார்ந்த கேள்வியும்கூட. குண்டு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கும் அடுக்கு தாறுமாறாக ஆடினால், பயிற்சி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் வித்தியாசம் இருக்காது. கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் விளையாட்டில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர்ந்து சுடும்போது குண்டுகள் ஏறும் பாதை ஏறத்தாழ நிலையானது, மனப்பாடம் செய்யக்கூடியது. பார்வை அந்தப் பாதையை எவ்வளவு பின்தொடர வேண்டும் என்பதை `view_recoil_tracking` என்ற தனி அமைப்பு ஆள்கிறது. அதன் மதிப்பு 0.45. அதாவது, கண் காண்பதும் குண்டு போவதும் வேண்டுமென்றே பிரிக்கப்பட்டிருக்கின்றன. இதுவே சரியான பிரிவினை என்பது என் கருத்து. குண்டின் பாதை கற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும், கைகள் எப்படி வேண்டுமானாலும் உதறட்டும்.

புதிதாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கி 3 டிகிரி ஏறும்போது, விளையாடுபவர் சும்மா இருப்பதில்லை. மவுஸை 3 டிகிரி கீழே இழுத்து இலக்கில் வைத்திருப்பார். சுடுவதை நிறுத்தியதும் ஸ்பிரிங் தன் 3 டிகிரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பார்வை இலக்குக்குக் கீழே விழுந்துவிடும். திறமையாக ஈடுகட்டியவருக்குத் தண்டனை கிடைக்கிறது. தீர்வு எளிது. அவர் கீழே இழுக்கும் ஒவ்வொரு அசைவையும் முதலில் ஸ்பிரிங்கின் ஏற்றத்திலிருந்து கழிக்க வேண்டும். அது தீர்ந்த பிறகே மீதியைப் பார்வைக் கோணத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பிழை கணினிக்குக் கணினி மாறித் தெரியும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒருமுறை ஸ்பிரிங்கைக் கணக்கிட்டால், பிரேம் குறைவான கணினியில் படிகள் பெரிதாகிவிடும். மேலே சொன்ன விறைப்பு 900 உள்ள ஸ்பிரிங்கை ஹாஃப்-லைஃப் 2 நிரலின் முறையிலேயே நொடிக்கு 30 பிரேமில் ஓட்டினால், கைகள் இருக்க வேண்டிய தூரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் பின்னால் போய்விடும். நொடிக்கு 240 முறை என்று நிலையான சிறு படிகளில், பிரேமைச் சாராமல் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் வராது.

நீங்கள் ஒரு கேம் செய்துகொண்டிருந்தால், ஒரே ஒரு குண்டைச் சுட்டு, தற்செயலை நிறுத்திவைத்து, 30, 60, 144 பிரேமில் உச்சக் கோணத்தைக் குறித்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லையென்றால் விறைப்பையும் தணிப்பையும் தொடாதீர்கள். கணக்குப் போடும் இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள்.