விலை இறங்கும் என்று நம்புகிறவருக்கு இரண்டு வழிகள்

2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் நிறுவனப் பங்கு சுமார் 19 டாலருக்குக் கைமாறியது. வீடியோ கேம் விற்கும் கடைகள் இனி தேறாது என்று பலர் கணக்குப் போட்டு, பங்கை இரவல் வாங்கி விற்றார்கள். விலை இறங்கியதும் குறைந்த விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்தால் வித்தியாசம் லாபம். இதுதான் ஷார்ட் செல்லிங்.

100 பங்கை 19 டாலருக்கு இப்படி விற்றவரின் கைக்கு 1,900 டாலர் வந்திருக்கும். ஆனால் 2021 ஜனவரி 27 அன்று பங்கு 347 டாலருக்கு மேல் முடிந்தது. அன்று திருப்பி வாங்கியிருந்தால் நஷ்டம் 32,800 டாலர். விலை ஏறுவதற்கு உச்சவரம்பு கிடையாது என்பதால் ஷார்ட் அடித்தவரின் நஷ்டத்துக்கும் கிடையாது. காத்திருக்கலாம் என்றாலும் புரோக்கர் விடமாட்டார். மார்ஜின் பணம் கேட்பார். கட்டாவிட்டால் அவரே பங்கை வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார்.

இரவலுக்கு வாடகையும் உண்டு. பேச்சுக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது விற்ற விலைக்கு அல்ல, அன்றைய சந்தை விலைக்குக் கணக்கிடப்படும். பங்கு 19 டாலரில் இருக்கும்போது நாளொன்றுக்கு ஒன்றரை டாலர்தான். 347 டாலரில் அதுவே 28 டாலருக்கு மேல். வாடகை விகிதமும் நாளுக்கு நாள் மாறலாம். நிறுவனம் டிவிடெண்ட் அறிவித்தால் அதையும் இரவல் கொடுத்தவருக்கு இவரே கட்ட வேண்டும்.

இன்னொருவர் அதே 100 பங்குக்கு 19 டாலர் புட் ஆப்ஷனை, பங்குக்கு 4 டாலர் பிரீமியம் கொடுத்து வாங்கியிருந்தார் என்று கொள்வோம். பங்கு எங்கே பறந்தாலும் அவர் இழப்பது அந்த 400 டாலர் மட்டுமே. மார்ஜின் கேட்டு யாரும் அழைக்கப் போவதில்லை. ஆனால் காலாவதி நாளில் பங்கு 17 டாலரில் இருந்தால் ஷார்ட் அடித்தவருக்கு வாடகை போக 200 டாலருக்குள் லாபம். புட் வாங்கியவருக்கோ 200 டாலர் நஷ்டம். 15 டாலருக்குக் கீழே போனால்தான் அவருக்கு லாபம் தொடங்கும், அதுவும் குறித்த தேதிக்குள்.

வாடகை மிச்சம் என்று நினைத்துப் புட் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புட் விற்கும் வியாபாரி, தன் ஆபத்தைக் குறைக்க அந்தப் பங்கையே இரவல் வாங்கி விற்கிறார். அவர் கொடுக்கும் வாடகை பிரீமியத்தில் ஏறிவிடும். வாங்குகிறவர் அதை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இப்போதைய பங்கு விலையையே ஸ்ட்ரைக்காகக் கொண்ட கால், புட் இரண்டின் பிரீமியத்தையும் ஒரே காலாவதிக்கு ஒப்பிட வேண்டும். வழக்கமாகக் கால் சற்றே அதிகமாக இருக்கும். டிவிடெண்ட் எதுவும் இல்லாமல் புட் கணிசமாக அதிகம் என்றால், வாடகை அதற்குள் இருக்கிறது.