எந்தப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது?

கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகம் அனுப்பும் முதல் புரூஃப் பெரும்பாலும் invitation.pdf என்ற பெயரில்தான் வரும். அதில் முகூர்த்த நேரம் தவறாக இருந்தால் வீட்டார் சொல்வார்கள், அச்சகம் திருத்தி மறுபடி அனுப்பும். திருத்திய கோப்பின் பெயரும் invitation.pdf தான். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு இறங்கும்போது, பழையதை அழித்துவிடாமல் இருக்க, கணினியும் செல்பேசியும் புதியதன் பெயரோடு வழக்கமாக ஓர் எண்ணைச் சேர்க்கின்றன: invitation (1).pdf. இது பார்ப்பதற்குப் பதிப்பு எண் போலவே இருக்கும், ஆனால் அது பதிப்பு எண் அல்ல. அந்தக் கருவியில் அதே பெயர் எத்தனை முறை இறங்கியது என்ற கணக்கு மட்டுமே அது. பெண்ணின் அப்பா இரண்டு புரூஃபையும் ஒவ்வொரு முறை இறக்கியிருந்தால் அவரிடம் (1) என்பது திருத்திய பத்திரிகை. அண்ணனோ முதல் புரூஃபைத் தெரியாமல் இரண்டு முறை இறக்கிவிட்டார். அவரிடம் (1) என்பது பழையது, திருத்தியது (2). அப்பா தொலைபேசியில், “ஒண்ணுன்னு போட்டிருக்கே, அதையே அச்சகத்துக்கு அனுப்பிடு” என்கிறார். அண்ணன் சொன்னபடியே அனுப்புகிறார். தவறான நேரத்தோடு ஐந்நூறு பத்திரிகை அச்சாகிவிடும். இருவரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

ஆகவே எண்ணைக் கருவியிடம் விடாமல், கோப்பை உருவாக்குபவரே போட வேண்டும். பத்திரிகையைப் பொறுத்தவரை அது அச்சகத்தில் வடிவமைப்பவர். வீட்டில் யாரும் பெயரை மாற்றக் கூடாது. எண் போடும் கை இரண்டானால் இரண்டு v03 பிறந்துவிடும். பெயர் இப்படி இருக்கலாம்:

```
pathirikai_v03_2025-08-14.pdf
```

செல்பேசித் திரையில் நீண்ட பெயர்கள் நடுவிலோ கடைசியிலோ வெட்டுப்படும் என்பதால் பொருளைச் சொல்லும் சொல் குறுகியதாகவும், பதிப்பு எண் அதை அடுத்தும் வருகின்றன. எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவதற்குக் காரணம், எழுத்து வரிசையில் அடுக்கும் செயலிகளில் v10 என்பது v2-க்கு முன்னால் போய் நிற்கும் என்பதே. தேதியில் ஆண்டு முதலில் வருவதும் அப்படித்தான். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், செப்டம்பர் 2-ஆம் தேதிக் கோப்பு (02-09-2025) ஆகஸ்ட் 14-ஆம் தேதிக் கோப்புக்கு (14-08-2025) முன்னால் நிற்கும். சாய்கோடு போட்டுத் தேதி எழுத நினைத்தால் விண்டோஸ் கோப்புப் பெயரில் அதை ஏற்காது.

பெயரிலேயே தேதி எதற்கு, கோப்புப் பட்டியலில்தான் தேதி காட்டுகிறதே என்று தோன்றலாம். அங்கே தெரிவது பல நேரம் கோப்பு அந்தக் கருவிக்கு வந்து சேர்ந்த நாள். போன வாரத்துப் புரூஃபை இன்று யாராவது மறுபடி இறக்கினால் அதுதான் புதியது போல மேலே வந்து நிற்கும்.

final என்ற சொல்லை மட்டும் எந்தக் கோப்புக்கும் வைக்காமலிருப்பது நல்லது. அதற்குப் பிறகும் பெரியப்பாவின் பட்டம் விட்டுப்போனது தெரியவரும். Final-new வரும், அதற்குப் பின் final-new-2. சம்மதம் செய்தியில் இருந்தால் போதும்: “v04 சரி, அச்சடிக்கலாம்.” அச்சகமும் ஒவ்வொரு முறை அனுப்பும்போது, “இது v04. v03-ஐ விட்டுவிடுங்கள். மாற்றம்: முகூர்த்த நேரம் மட்டும்” என்று ஒரு வரி எழுதினால், பெறுபவர் திறந்தவுடன் அந்த நேரத்தைப் பார்த்தே சரியான கோப்பா என்று கண்டுகொள்வார்.

பெயர் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. ஆண்ட்ராய்டு வாட்ஸாப்பில் புரூஃபைப் படமாக அனுப்பினால், பெறுபவரின் செல்பேசியில் அது IMG-20250814-WA0003.jpg என்பது போன்ற பெயரில் சேமிக்கப்படும். அச்சகம் வைத்த பெயர் இருக்காது. ஆவணமாக அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும். அதைவிட உறுதியானது, பதிப்பு எண்ணைத் தாளிலேயே, வெட்டுக்கோட்டுக்கு வெளியே பொடி எழுத்தில் போட்டுவிடுவது. கோப்பின் பெயர் என்ன ஆனாலும், பத்திரிகையை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும், ஓரம் வெட்டப்படாத வரை அந்த எண் கூடவே வரும். அச்சான பின் ஓரத்தை வெட்டும்போது அதுவும் போய்விடும்.

கோப்பை இணைக்காமல் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வைத்து இணைப்பை மட்டும் அனுப்பினால், அதே கோப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றலாம். பழைய இணைப்பைத் தொடுபவருக்கும் புதியதே திறக்கும். வாசகம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் இது வசதி. அச்சடிக்கச் சொல்லும் நாளில் இதுவே ஆபத்து. அப்பா காலையில் பார்த்துச் சரி சொன்ன கோப்பை மாலையில் யாரோ மாற்றியிருந்தாலும் இணைப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் சம்மதம் கிடைத்த பிரதியை மட்டும் எண்ணோடு தனிக் கோப்பாக இறக்கி அச்சகத்திடம் கொடுக்கிறார்கள்.