முதல் பீடி எத்தனை மணிக்கு?

பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் மையம் ஒன்று இயங்குகிறது. மனநலப் பிரிவையோ நெஞ்சகப் பிரிவையோ ஒட்டிய சின்ன அறை, ஒரு ஆலோசகர், பக்கத்தில் மருத்துவர். கட்டணம் கிடையாது. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாட்டில் 13 இடங்களில் இப்படிப்பட்ட மையங்கள் தொடங்கின. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. உள்ளே போனால் "புகை உடம்புக்குக் கேடு" என்று பாடம் எடுப்பார்கள் என்று நினைத்துப் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நடப்பது வேறு.

46 வயது சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருமலுக்காக நெஞ்சகப் பிரிவுக்கு வந்தவரை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆலோசகர் கேட்கும் முதல் முக்கியமான கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை என்பதல்ல. "காலையில கண்ணு முழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடிய பத்த வைப்பீங்கண்ணே?"

"முழிச்ச கையோட பத்த வெச்சிருவேன்மா. அது இல்லாம வெளிக்கே போகாது."

இந்தப் பதிலில் நிறைய இருக்கிறது. இரவு முழுக்கப் புகைக்காததால் ரத்தத்தில் நிகோட்டின் வடிந்துபோயிருக்கும். விழித்து ஐந்து நிமிடத்துக்குள் கை பீடியைத் தேடினால், மூளை அந்த நிகோட்டினுக்கு எவ்வளவு பழகிவிட்டது என்பது தெரிந்துவிடும். ஃபேகர்ஸ்ட்ராம் என்ற ஆறு கேள்விச் சோதனையில் இதற்கே மூன்று மதிப்பெண். நாளைக்கு 25 பீடிக்கு இரண்டு. விடவே முடியாதது காலைப் பீடிதான் என்பதற்கு ஒன்று, காலை வேளையில் அதிகம் குடிப்பதற்கு ஒன்று. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அடக்கிக்கொள்வார், காய்ச்சலில் படுத்தால் தொடமாட்டார் என்பதால் மற்ற இரண்டுக்கும் பூஜ்யம். பத்துக்கு ஏழு. கடுமையான அடிமைத்தனம். மன உறுதி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்று ஆலோசகர் முடிவுசெய்வது இதை வைத்துத்தான்.

கருவி இருக்கும் மையங்களில் மூச்சையும் சோதிப்பார்கள். பதினைந்து விநாடி மூச்சை அடக்கி, குழாயில் மெதுவாக ஊதச் சொல்வார்கள். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு திரையில் வரும். பத்துக்கு மேல் என்றால் புகைத்திருக்கிறார் என்று பொதுவாகக் கொள்வார்கள். இவருக்கு 22 என்று வைத்துக்கொள்வோம். பொய்யைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. புகைப்பதை விட்ட ஓரிரு நாளில் இந்த எண் இறங்கிவிடும். நுரையீரல் தேறுவதற்கு வெகு முன்பே, மாற்றம் தொடங்கியதை அவரே கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது மருந்து. பூப்ரோபியான் மாத்திரையை நிறுத்தும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. "சின்ன வயசுல ரெண்டு மூணு தடவ வந்துச்சு" என்கிறார் இவர். அந்த ஒரு வரியில் பூப்ரோபியான் பட்டியலிலிருந்து போய்விட்டது. வெரினிக்கிலின் மாத்திரை நன்றாக வேலை செய்யும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் சிலருக்கு வரும். ஆனால் மருத்துவமனையில் இருப்பு இருக்கிறதா, வெளியே வாங்க இவரால் முடியுமா என்று பார்க்க வேண்டும். மிஞ்சுவது நிகோட்டின் பட்டையும் சூயிங்கமும். பல் கட்டியவர்களுக்கும் ஆடும் பல்லோடு இருப்பவர்களுக்கும் சூயிங்கம் ஒத்துவராது. இவருக்குப் பல் உறுதியாக இருக்கிறது. விழித்த அரை மணிக்குள் புகைப்பவர் என்பதால் 2 மில்லிகிராம் அல்ல, 4 மில்லிகிராம்.

இன்னொரு மருந்தையும் விசாரிப்பார்கள்: இழுப்புக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று. புகையில் உள்ள பொருள்கள் அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரை அளவு அதிகமாகிவிடும். படபடப்பும் வாந்தியும் வரும். காபியும் இப்படித்தான். வழக்கமான நாலு டம்ளர், புகையை விட்ட வாரத்தில் தூக்கத்தைக் கெடுக்கும். பீடி இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பத்த வைப்பவர்கள் உண்டு. டீ, காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சூயிங்கத்தை எப்படி மெல்வது என்பதற்கு ஆலோசகர் நல்ல நேரம் ஒதுக்க வேண்டும். என் பார்வையில், மருந்து பலிக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கடையில் வாங்கும் மிட்டாய் கம் மாதிரி விடாமல் மென்று விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய், பெரும்பகுதி கல்லீரலில் வீணாகிவிடும். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, வாயில் காரம் போலச் சுரீரென்றதும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவது போலக் கன்னத்தில் அடக்கிவைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, கலர், பழச்சாறு எதுவும் கூடாது; புளிப்பான வாயில் நிகோட்டின் இறங்காது. முதல் ஆறு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று வீதம். மூன்று மட்டும் மென்றுவிட்டு "மருந்து கேக்கல" என்று வருபவர்களுக்குக் குறைபாடு மருந்தில் இல்லை, அளவில். பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டி, பன்னிரண்டாவது வாரத்தோடு நிறுத்துவார்கள்.

விடும் நாளை அவரே குறிக்கிறார். முதலில் சனிக்கிழமை என்றார். அது கூலி வாங்கும் நாள், கூட்டாளிகளோடு குடிக்கும் நாள் என்பது பேச்சில் வெளிவந்ததும் தேதி செவ்வாய்க்கு மாறியது. காலைக்கடனுக்கு விழித்ததும் வெதுவெதுப்பாக ஒரு சொம்பு தண்ணீர், ராத்திரி வாழைப்பழம், கீரை. நிகோட்டின் குடலைத் தூண்டும் என்பது உண்மை. அதனால் முதல் சில வாரம் மலச்சிக்கல் வருவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருத்துவமனையில் நடந்தது பாதிதான். மீதி போனில் நடக்கிறது. எரிச்சல், பசி, தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சம். ஆகவே முதல் அழைப்பு நிறுத்திய இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டும். பிறகு முதல் வார முடிவு, இரண்டாம் வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளி நீளும். மையத்துக்கு மையம் இது கொஞ்சம் மாறும். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுவார்கள் என்பதால், அறையை விட்டுப் போகும் முன்பே எண்ணை அவர் போனில் பதிந்துவிடுவது நல்லது. வீட்டு எண்ணை அனுமதி கேட்டுத்தான் வாங்க வேண்டும்; பழக்கத்தை வீட்டில் மறைத்தவர்களும் உண்டு.

அனுபவமுள்ள ஆலோசகர் போனில் "விட்டுட்டீங்களா?" என்று கேட்பதில்லை. ஆமாம் என்ற பதில் தயாராக இருக்கும். "கடைசியா எப்பண்ணே பத்த வெச்சீங்க?" என்பார்.

"முந்தாநேத்து ஒண்ணும்மா. கடன்காரன் வந்து நின்னான்."

"சரிண்ணே. அன்னிக்கு எத்தன கம் மென்னீங்க?"

"ரெண்டு."

"அதுதான். நாளைக்கு ஒம்பதுக்குக் குறையக் கூடாது. பையில எப்பவும் நாலு இருக்கணும்."

ஒரு பீடி இழுத்ததைப் பழக்கம் திரும்பியதாக எழுதிவைப்பதில்லை; எந்த நேரத்தில், யாரோடு, கையில் கம் இருந்ததா என்று எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் பலமுறை கூப்பிட்டும் எடுக்காதவர் கணக்கில் புகைப்பவராகத்தான் சேர்கிறார். நிறுத்தியவர்கள் பெரும்பாலும் போனை எடுத்துச் சொல்லிவிடுவார்கள் என்பதால் இந்தக் கறார் நியாயமானதே.

ஆறாம் மாத அழைப்பிலும் "இல்லைம்மா" என்று சொல்லி, மூச்சுச் சோதனையும் அதை உறுதிசெய்தால்தான் நிறுத்தியவராகப் பதிவார்கள். மறுபடி முழுதாகத் தொடங்கியவர் அதே அறைக்குத் திரும்ப வரலாம்; பழைய சீட்டைப் பார்த்து, எந்த வாரத்தில் சறுக்கினார் என்பதை வைத்து மருந்தையோ தேதியையோ மாற்றுவார்கள். மையத்துக்கு வரவே முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவசத் தேசிய எண்ணை அழைக்கலாம். சிகரெட், பீடிக் கட்டின் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகியிருப்பது இந்த எண்தான். பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து தமிழிலும் பேசுவார்கள். விடும் நாளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களே திரும்ப அழைப்பார்கள்.