“இப்போ எவ்வளவு வாங்குறீங்க?”

சென்னையில் ஒரு ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தினமும் காலையில் திறக்கும் எக்செல் பட்டியலில் வேலை தேடுபவரின் பெயர், அனுபவம், ஊர், நோட்டீஸ் காலம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். அவற்றோடு இன்னும் இரண்டு கட்டங்கள்: இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி. முதலாவது காலியாக இருந்தால் மேலதிகாரி பட்டியலைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் போனில் நான் கேட்கும் முதல் மூன்று கேள்விகளில் ஒன்று அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்டம் நிரம்பியதும் என்ன நடக்கும் என்பதை வேலை தேடுபவர்கள் பார்ப்பதில்லை. ஒரு கணக்குப் பிரிவு வேலைக்கு நிறுவனம் ஏழு முதல் எட்டு லட்சம் வரை ஒதுக்கியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து பேசிய ஒரு பெண், ஆறு வருட அனுபவம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., ஆடிட்டுக்கான கணக்கு எல்லாம் கையில் வைத்திருப்பவர், தன் சம்பளம் வருடத்துக்கு 3,60,000 என்றார். ஹெச்.ஆர். அதன்மேல் முப்பது சதவீதம் போட்டது. 4,68,000. மாதம் முப்பதாயிரத்திலிருந்து முப்பத்தொன்பதாயிரம் என்பதால் அவரும் மகிழ்ச்சியோடு சேர்ந்தார். ஒதுக்கிய தொகையில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அந்த எண்ணைக் கட்டத்தில் நிரப்பியவள் நான். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அவர் செய்த தவறு எதுவும் இல்லை. கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். ஆனால் அந்த 3,60,000 அவருடைய திறமையின் விலை அல்ல. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சிறிய ஊரில், சிறிய கம்பெனியில், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தபோது ஒத்துக்கொண்ட தொகை வருடா வருடம் கொஞ்சம் ஏறி வந்த எண் அது. பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் போடும் வழக்கம் அந்தப் பழைய நிலைமையையும் சேர்த்துப் புது ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறது. பிள்ளை பெற்றுச் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பி வந்த பெண்களுக்கு இது இன்னும் கடுமையாக விழும்.

அமெரிக்காவில் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஐலீன் ரிசோ என்ற கணிதக் கல்வியாளர். 2009இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சேர்ந்தார். முந்தைய சம்பளத்தோடு ஐந்து சதவீதம் சேர்த்துத் தருவது அங்கே விதி. 2012இல் மதிய உணவின்போது நடந்த பேச்சில், தனக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஊழியர் தன்னைவிட அதிகம் வாங்குவது தெரியவந்தது. வழக்கு பல படிகள் ஏறி இறங்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் வேறுபடுவதற்குப் பழைய சம்பளத்தைக் காரணம் காட்ட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொன்னது. அதற்குள் கலிஃபோர்னியா சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2018 ஜனவரி முதல் அங்கே பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது. விண்ணப்பித்தவர் கேட்டால், அந்த வேலைக்கான சம்பள வரம்பை நிறுவனம் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் ஹெச்.ஆர். இந்தக் கேள்வியைக் கேட்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்றும் எந்தச் சட்டமும் இல்லை. கலிஃபோர்னியா சட்டம் செய்யும் இரண்டு காரியங்களையும் ஒருவர் தன் பேச்சிலேயே செய்துகொள்ளலாம். என் எண்ணைச் சொல்லாமல் இருப்பது ஒன்று, உங்கள் வரம்பைக் கேட்பது மற்றொன்று.

அதை நான் நேரில் கேட்டது அடுத்த வருடம். அதே நிறுவனம், அதே வேலை, ஒதுக்கிய தொகையும் அதே. இம்முறை பேசியவர் மதுரைக்காரப் பெண். அனுபவமும் சம்பளமும் ஏறக்குறைய முன்னவருடையதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“உங்க கரண்ட் சி.டி.சி. எவ்வளவுங்க?”

“இந்த வேலைக்கு ஏழரைல இருந்து எட்டு லட்சம் எதிர்பார்க்கிறேன் மேடம். இப்போ வாங்குறது வேற ஊரு, வேற அளவு கம்பெனி. அதனால இந்தப் பொறுப்பை வச்சே பேசிக்கலாம்னு நினைக்கிறேன். உங்க பட்ஜெட் இதுக்குள்ள வருமா மேடம்?”

குரலில் தயக்கம் இல்லை, எரிச்சலும் இல்லை. பேச்சு என் பக்கம் வந்துவிட்டது, பதில் சொல்ல வேண்டியவள் நானாகிவிட்டேன். வெறுமனே “அதைச் சொல்ல விருப்பமில்லை” என்று நிறுத்தியிருந்தால், இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன். அவர் முதலில் தன் எண்ணை வைத்தார். பிறகு ஒற்றை வரியில் காரணம். கேள்வியோடு முடித்தார். எனக்கும் அடுத்த கட்டத்தில் நிரப்ப ஓர் எண் கிடைத்தது.

ஆனாலும் விடவில்லை நான். “சிஸ்டத்துல போடாம அடுத்த ரவுண்டுக்கு அனுப்ப முடியாதுங்க.”

“புரியுது மேடம். எங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல சம்பளத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன் இருக்கு. அந்த இடத்தைக் காலியா விட்டு, எக்ஸ்பெக்டேஷன் மட்டும் போட்டு அனுப்பிப் பாருங்களேன்.”

இந்த நிபந்தனை பல நிறுவனங்களின் நியமனக் கடிதத்தில் உண்மையாகவே இருக்கிறது. நேர்காணலுக்கு முன் பழைய கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இருந்தால் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும். நான் காலியாக விட்டு அனுப்பினேன். ஹெச்.ஆரிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது, அவ்வளவுதான். ஆள் கிடைக்காமல் ஆறு வாரமாக அந்த நாற்காலி காலி.

ஏழரை லட்சம் என்ற எண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் கேட்டேன். சென்னையில் இதே வேலை செய்யும் கல்லூரித் தோழி ஒருவரிடமும், பல கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் ஒருவரிடமும், “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்காமல், “இந்த வேலைக்கு ஆள் எடுத்தா எவ்வளவு கொடுப்பாங்க?” என்று கேட்டிருக்கிறார். சம்பளம் போட்டு வந்த விளம்பரங்களையும் ஒரு மாதம் குறித்து வைத்திருக்கிறார். இந்த வீட்டுப்பாடம் இல்லாமல் மறுப்பது ஆபத்து. சொல்ல எண் இல்லாதவர் இரண்டாவது கேள்வியிலேயே பழைய சம்பளத்தைச் சொல்லிவிடுவார், நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது முறையும் கேட்டால்? எப்படியும் சமாளித்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் சில, பே ஸ்லிப் இல்லாமல் ஓர் அடி நகராது. பொதுத்துறை நிறுவனங்கள் அனுபவசாலிகளை எடுக்கும்போது, தனியாரில் இருப்பவருக்கு இவ்வளவு சி.டி.சி. இருந்தாக வேண்டும் என்று தகுதியாகவே விளம்பரத்தில் போடுவதுண்டு. அங்கே மறுக்க இடமே கிடையாது. வேலை அவசியம் என்றால் சொல்லிவிடலாம். சொல்லும்போது இரண்டு எண்களையும் பிரித்து வைக்க வேண்டும்: “இப்போ 3,60,000 மேடம், அது மதுரைல ஒரு சின்ன கம்பெனி சம்பளம். இந்த வேலைக்கு என் எதிர்பார்ப்பு ஏழரைதான், அதுல மாற்றமில்லை.”

ஒன்று மட்டும் செய்யவே கூடாது, கூட்டிச் சொல்வது. வேலை தேடும் தளங்களில் சம்பளக் கட்டம் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். அங்கே பூஜ்யம் போட்டால் அது சொல்லவில்லை என்பதாகவே படும், போனில் விளக்கிக்கொள்ளலாம். ஐந்து லட்சம் என்று போட்டுவிட்டால் அது பொய். பின்னணி விசாரணையில் பே ஸ்லிப், வங்கிக் கணக்கு, ஃபார்ம் 16 எல்லாம் வெளியே வரும். பி.எஃப். பாஸ்புக்கும் பேசும். பன்னிரண்டு சதவீதத்தை முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும் கம்பெனி என்றால், மாதாமாதம் அந்த அடிப்படைச் சம்பளம் அதில் பதிவாகியிருக்கும். மாதம் 1,800 மட்டும் பிடிக்கும் கம்பெனி என்றால் அதில் 15,000 என்றுதான் இருக்கும், உண்மைச் சம்பளம் தெரியாது. சொல்லாமல் இருந்தவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பொய் சொன்னவரின் ஆஃபரை, சேர்ந்த பிறகுகூட ரத்து செய்வார்கள்.

உண்மையில் சிக்கல் வருவது தொடக்கத்தில் அல்ல, கடைசியில். நேர்காணல் எல்லாம் முடிந்து, “ஆஃபர் லெட்டர் ஜெனரேட் பண்ண கடைசி மூணு மாச பே ஸ்லிப் அனுப்புங்க” என்று ஒரு மெயில் வரும். தொகையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. இப்படி வந்தால் முப்பது சதவீதக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மதுரைப் பெண் அனுப்பிய பதிலை நான் வைத்திருந்தேன். வேலையில் இருந்ததற்கான சான்றாக நியமனக் கடிதத்தை, தொகை இருக்கும் பக்கம் தவிர, இப்போதே தருகிறேன், ரிலீவிங் லெட்டர் வந்ததும் அதையும் தருகிறேன். பேசிய ஆண்டுச் சம்பளத்தையும், அதில் உறுதியான பகுதி எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்பதையும் மெயிலில் உறுதி செய்தால், பே ஸ்லிப்பும் அன்றே அனுப்புகிறேன். இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

வேரியபிளைக் கேட்டது முக்கியம். எட்டு லட்சம் என்று காட்டிவிட்டு, அதில் ஒன்றரை லட்சத்தை ‘நிறுவனம் நன்றாக நடந்தால்’ என்று வைப்பார்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாமே சி.டி.சி.க்குள் அடங்கும். கையில் வராத தொகை அது. இரண்டு நிறுவனத்தின் சி.டி.சி.யை அப்படியே ஒப்பிட முடியாததற்கு இதுவே காரணம். பழைய எண்ணைக் கேட்பவரிடம் இதையும் நேர்மையாகச் சொல்லலாம்.

இரண்டு நாள் சத்தமில்லை. அந்த இரண்டு நாளும் அவர் எனக்குப் போன் செய்யவில்லை, இறங்கிப் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் மெயில் வந்தது: 7,20,000, அதில் வேரியபிள் நாற்பதாயிரம். ஒத்துக்கொண்டு, சொன்னபடி அன்றே பே ஸ்லிப் அனுப்பினார். அதில் மாதம் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். ஹெச்.ஆர். எனக்குப் போன் செய்து, “முதல்லயே தெரிஞ்சிருந்தா…” என்று இழுத்தார். மெயில் போய்விட்டது, அதில் அவர் எதையும் தவறாகச் சொல்லவும் இல்லை.

செப்டம்பரில் சேர்ந்தார். டி.டி.எஸ். சரியாகப் பிடிப்பதற்காக, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மதுரையில் வாங்கிய சம்பளத்தை ஒரு படிவத்தில் எழுதிச் சம்பளப் பிரிவில் தானே கொடுத்திருக்கிறார். கொடுக்காமல் வருமான வரிக் கணக்கில் தானே சரிக்கட்டிக்கொள்ளவும் வழி உண்டு. “இனிமே தெரிஞ்சா என்னக்கா?” என்றார். பக்கத்து நாற்காலியில், முந்தைய வருடம் நான் சேர்த்துவிட்ட திருநெல்வேலிப் பெண் உட்கார்ந்திருந்தார்.